டொராண்டோவில் கடை, மதுரையில் உதவியாளர்: ஆள் எடுப்பது எப்படி?

வெளிநாட்டில் இருந்தபடி இந்தியாவில் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்குதான் போடுகிறார்கள்: "நான் தூங்கி எழுவதற்குள் வேலை முடிந்திருக்கும்." முடிந்திருக்கும், நடுவில் ஒரு சந்தேகமும் வராவிட்டால். மதுரையில் காலை 11 மணிக்கு "இந்த ஆர்டருக்கு பிளவுஸ் எந்த அளவு?" என்று கேள்வி வரும்போது டொராண்டோவில் நள்ளிரவு தாண்டியிருக்கும். நீங்கள் எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பதில் போடும்போது மதுரையில் மாலை 7 மணி. உதவியாளர் கம்ப்யூட்டரை மூடிவிட்டிருப்பார். ஒரு கேள்விக்கு ஒரு நாள் போய்விட்டது.

அதனால் வேலைப் பட்டியல், நேரம், கருவி, சோதனை வாரம் எல்லாவற்றையும் 'சந்தேகம் வந்தால் பதில் எப்போது கிடைக்கும்?' என்ற ஒரு கேள்வியை வைத்தே முடிவு செய்யுங்கள். ஸ்கார்பரோவில் வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராம் வழியாகச் சேலை விற்கும் ஒருவர், மதுரையில் நாளுக்கு 4 மணி நேரத்துக்கு ஆள் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. வேலையை எழுதுங்கள்

"பொதுவான ஆபீஸ் வேலை" என்று எழுதாதீர்கள். முதல் மாதத்துக்கு மூன்று வேலை போதும். இரவு வந்த விசாரணைகளுக்குப் பதில் போடுவது, உறுதியான ஆர்டர்களை ஷீட்டில் ஏற்றி இருப்பைக் குறைப்பது, முந்தின நாள் அனுப்பிய பார்சல்களின் டிராக்கிங் எண்ணை வாங்கியவர்களுக்கு அனுப்புவது. உங்களைக் கேட்காமலே தொடங்கி முடிக்கக்கூடிய வேலைகள் என்பதால்தான் இந்த மூன்று. புதுச் சரக்கு தேர்ந்தெடுப்பது, சேலை நெய்பவரிடம் பேரம் பேசுவது போன்றவை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் கீழே இரண்டு வரி சேருங்கள். எது நடந்தால் வேலை முடிந்ததாகப் பொருள்? எதுவரை அவரே முடிவெடுக்கலாம்? இரண்டாவது வரியைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை, பிறகு காலையில் எழுந்ததும் கேள்விக் குவியல் என்று அலுத்துக்கொள்கிறார்கள். "25 டாலர் வரை பணம் திருப்பிக் கேட்டால் நீங்களே சரி என்று சொல்லலாம். அதற்கு மேல் போனால் 'இன்று டொராண்டோ நேரம் மதியத்துக்குள் பதில் சொல்கிறோம்' என்று எழுதிவிட்டு எனக்குக் குறித்து வையுங்கள்" என்று ஒரு எல்லை போட்டுவிட்டால் வாரத்தில் பாதிக் கேள்வி வராது.

2. நேரம்: இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்

இந்தியக் கடிகாரம் ஆண்டு முழுவதும் ஒன்றுதான். டொராண்டோ கடிகாரம் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே போகும், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வரும். கோடையில் மதுரை ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கும், குளிர்காலத்தில் பத்தரை. "காலை 9 மணிக்குப் பேசலாம்" என்று மட்டும் எழுதினால் நவம்பரில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும்.

நேரத்தை உதவியாளரின் கடிகாரத்தில் எழுதுவதே என் விதி. அங்கே பஸ், வீட்டுச் சமையல், பிள்ளையின் டியூஷன் எல்லாம் ஆண்டு முழுவதும் அதே நேரத்தில்தான் நடக்கின்றன. கடிகாரம் மாறுவது உங்கள் ஊரில்தான், அதற்கேற்ப நகர வேண்டியவரும் நீங்கள்தான். கூகுள் காலண்டரில் சந்திப்பைப் போடும்போது நேர மண்டலமாக `Asia/Kolkata` தேர்ந்தெடுத்தால் போதும். உங்கள் பக்கம் அது தானாகவே நகர்ந்துகொள்ளும்.

அடுத்தது, இருவரும் விழித்திருக்கும் பொது நேரத்தை எங்கே வைப்பது? அவருடைய நாளின் தொடக்கத்தில் வைக்கத்தான் பலருக்கும் தோன்றும். மதுரையில் காலை 7.30 என்றால் கோடையில் உங்களுக்கு இரவு 10. வேலையைச் சொல்லிவிட்டுப் படுத்துவிடலாம். ஆனால் 9 மணிக்கு வரும் சந்தேகம் மறுநாள் 7.30 வரை கிடக்கும். அதைவிட அவருடைய நாளின் கடைசி மணி நேரத்தில் வைப்பது நல்லது. அதுவரை வந்த சந்தேகங்களை அவர் குறித்து வைத்திருப்பார். பொது நேரத்தின் முதல் அரை மணியில் நீங்கள் பதில் சொல்கிறீர்கள், மீதி அரை மணியில் அவர் அவற்றை முடித்துவிடுகிறார். எதுவும் மறுநாளுக்குப் போகாது.

நம் ஸ்கார்பரோ கடைக்கு அது இப்படி வரும்:

- வேலை நேரம்: மதுரை பிற்பகல் 3.30 முதல் மாலை 7.30 வரை, திங்கள் முதல் வெள்ளி
- கேள்விப் பட்டியல் வந்து சேர வேண்டியது: மதுரை மாலை 6.15
- பொது நேரம்: மதுரை மாலை 6.30 முதல் 7.30. டொராண்டோவில் கோடையில் காலை 9 முதல் 10, குளிர்காலத்தில் 8 முதல் 9

இரவெல்லாம் குவிந்த விசாரணைகளுக்கு வாடிக்கையாளர்கள் காலை காபி குடிப்பதற்குள் பதில் போய்விடுகிறது. உதவியாளரும் இரவு விழிக்க வேண்டியதில்லை. டொராண்டோ பகல் முழுவதும் ஆள் வேண்டும் என்றால் அது நைட் ஷிப்ட். அதற்கு வேறு கூலி, வேறு ஆள். இரண்டையும் குழப்பாதீர்கள்.

"நாளைக்கு", "இன்று இரவுக்குள்" ஆகிய சொற்களை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களுக்கு வெள்ளி இரவு என்றால் அவருக்கு அது சனிக்கிழமைக் காலை. கிழமை, தேதி, ஊர் மூன்றையும் எழுதுங்கள்: "வியாழன், நவம்பர் 5, மதுரை மாலை 7 மணிக்குள்." தேதியை 5/11 என்று எழுதினால் வட அமெரிக்கப் பழக்கத்தில் அது மே 11. மாதத்தின் பெயரையே எழுதிவிடுங்கள்.

விடுமுறையையும் முன்பே பேசுங்கள். சேலைக் கடைக்குக் கூட்டம் சேர்வது தீபாவளி, பொங்கலுக்கு முன்னால். மதுரைக்காரர் விடுப்புக் கேட்பதும் அதே நாட்களில்தான். 2026இல் டொராண்டோ கடிகாரம் நவம்பர் 1 அன்று மாறுகிறது, தீபாவளி நவம்பர் 8. ஆர்டர் நெருக்கும் வாரமும் நேரம் மாறும் வாரமும் ஒன்றாகவே வருகின்றன. அவர் எந்த நாட்களில் இருப்பார் என்பதை ஆள் எடுக்கும்போதே எழுதிக்கொண்டால் அக்டோபர் கடைசியில் மனக்கசப்பு வராது.

3. கருவிகள்: குறைவாக, உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல்

ஒரு ஷீட், ஒரு சாட், ஒரு காலண்டர் போதும். செய்முறையை உங்கள் திரையைப் பதிவுசெய்து ஐந்து நிமிட வீடியோவாக அனுப்புங்கள். பத்துப் பக்க விளக்கத்தை யாரும் படிப்பதில்லை.

பாஸ்வேர்டை வாட்ஸாப்பில் அனுப்புவது பாதுகாப்பற்றது என்பது எல்லோருக்கும் தெரியும். நேர வித்தியாசத்தில் அது வேலையையும் நிறுத்தும் என்பதை மறந்துவிடுகிறார்கள். புது ஊரிலிருந்து யாரோ நுழைகிறார்கள் என்று பார்த்ததும் கணக்கு ஓடிபி கேட்கும். அந்த எண் வருவது உங்கள் போனுக்கு, நீங்கள் தூங்கும் நேரத்தில். அன்றைய 4 மணி நேரமும் போச்சு. அதனால் முடிந்த இடத்திலெல்லாம் அவர் பெயரிலேயே தனி அனுமதி கொடுங்கள். ஜிமெயிலில் `Settings` உள்ளே `Accounts and Import` பகுதியில் `Grant access to your account` இருக்கிறது. அதில் சேர்த்தால் அவர் தன் கணக்கிலிருந்தே உங்கள் அஞ்சலைப் படித்துப் பதில் போடலாம், உங்கள் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. சோதனை வாரம் தொடங்கும் முன், இருவரும் விழித்திருக்கும்போது, எல்லாக் கணக்கிலும் ஒருமுறை நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

4. விளம்பரத்தில் ஒரு கேள்வி

மேலே எழுதிய வேலை, நேரம், கருவி, கூலி ஆகியவற்றை அப்படியே போடுங்கள். "கூலி பேசித் தீர்மானிக்கப்படும்" என்று மட்டும் எழுதாதீர்கள், நல்ல ஆட்கள் அந்த வரியைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவார்கள். முடிவில் இந்தக் கேள்வியைச் சேருங்கள்: "2026 அக்டோபர் 29 அன்றும் நவம்பர் 5 அன்றும் மதுரையில் மாலை 7 மணி ஆகும்போது டொராண்டோவில் என்ன நேரம்?" சரியான விடை, முதல் நாள் காலை 9.30, இரண்டாம் நாள் 8.30. இணையத்தில் தேடிப் பார்த்துச் சொன்னாலும் சரிதான். தேடிப் பார்க்கிற ஆள்தானே வேண்டும்.

5. கூலியோடு ஒரு சோதனை வாரம்

சோதனை வாரத்தை இலவசமாகக் கேட்காதீர்கள், பாதிக் கூலியும் பேசாதீர்கள். அவர் செய்யப்போவது உங்கள் கடையின் உண்மையான வேலை. மணிக்கு 300 ரூபாய் என்று பேசியிருந்தால் 5 நாள், நாளுக்கு 4 மணி, மொத்தம் 6,000 ரூபாய். பணம் அனுப்பும் கட்டணம் யார் தலையில் என்பதையும் எழுதுங்கள். 6,000 முழுதாக அவர் கணக்கில் விழ வேண்டும், கட்டணம் உங்களுடையது. அந்தச் சில டாலரில் பேரம் பேசுவது அழகல்ல.

திங்களன்று ஷீட் வேலை மட்டும். செவ்வாயன்று டிராக்கிங் எண் சேரட்டும். புதன்கிழமை விசாரணைகளை எடுத்துக்கொள்வார், ஆனால் பதிலை எழுதி மட்டும் வைப்பார், அனுப்புவது நீங்கள். வியாழன் முதல் அவரே அனுப்பலாம். அன்று பொது நேரத்துக்கு வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விலகியிருங்கள். நீங்கள் இல்லாத நாள் எப்படி நடக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

வாரம் முழுவதும் ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும்: சந்தேகம் வரும்போது அவர் என்ன செய்கிறார்? நிறமோ அளவோ குறிப்பிடாத ஆர்டர் எப்படியும் வரும், நீங்கள் பொறி வைக்க வேண்டியதில்லை. அப்போது சிலர் தாமே ஊகித்து ஏற்றிவிடுவார்கள். தவறான சேலை பார்சல் ஆகிப் போன பிறகுதான் உங்களுக்குத் தெரியும். சிலர் உங்கள் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு வேண்டியவர் அந்த ஆர்டரை மட்டும் தனியே ஒதுக்கி, அடுத்ததைத் தொடங்கி, 6.15க்கு இப்படி எழுதுவார்: "நான்காவது ஆர்டரில் நிறம் இல்லை. வாங்கியவரிடம் கேட்டிருக்கிறேன். மதுரை மாலை 7.30க்குள் பதில் வராவிட்டால் பார்சலை நிறுத்தி வைக்கலாமா?" நீங்கள் "ஆம்" என்று ஒரு சொல் போட்டால் முடிந்தது. இப்படிக் கேட்கத் தெரிந்தவர் டைப் அடிப்பதில் மெதுவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் தவறுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருத்திச் சொன்ன அதே தவறு வியாழனன்றும் வந்தால் சேருங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் வீடியோவை ஒருமுறை பாருங்கள். அதில் சொல்லாமல் விட்டது என்றால் தவறு அவருடையதல்ல.

வெள்ளி பொது நேரத்தில் முடிவைச் சொல்லுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்காதீர்கள். வேண்டும் என்றால் தொடங்கும் தேதி, வேண்டாம் என்றால் ஒரே ஒரு காரணம். எதுவானாலும் அன்றே பணம் அனுப்பிவிடுங்கள். வேண்டாம் என்றால், அவர் பெயரில் கொடுத்த அனுமதிகளையும் அந்த மணி நேரத்திலேயே நீக்கிவிடுங்கள். வாங்கியவர்களின் முகவரியெல்லாம் அந்த ஷீட்டில்தான் இருக்கிறது.