அட்டவணை, பெட்டி, அடிக்குறிப்பு: சுருக்கத்தில் தவறவிடக் கூடாதவை

தம்பி தங்கைகளே, ஒரு பாடத்தைச் சுருக்கி எழுதச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? பத்தி பத்தியாகப் படித்து, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வாக்கியம் எழுதுகிறோம். அட்டவணை வந்தால் கண் தானாகவே தாண்டிப் போயிடும். வண்ணப் பெட்டியை 'சும்மா அழகுக்கு' என்று நினைப்போம். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறார்? ஆனால் தேர்வில் கேட்கும் எண்ணும், அந்த எண்ணுக்கு உரிய நிபந்தனையும் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் இருக்கின்றன.

நமக்குத் தெரிந்த ஓர் இடத்தை வைத்தே பார்ப்போம். சூலியா தெரு. 'ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரம்' என்று ஒரு பாடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மெலாக்காவும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன என்று பத்திகள் சொல்லும். பரப்பளவு ஓர் அட்டவணையில் இருக்கும்:

மெலாக்கா: மையப் பகுதி 45.3, பஃபர் பகுதி 242.8
ஜார்ஜ் டவுன்: மையப் பகுதி 109.38, பஃபர் பகுதி 150.04
மொத்தம்: மையப் பகுதி 154.68, பஃபர் பகுதி 392.84
(எல்லாம் ஹெக்டரில்)

பஃபர் பகுதி என்பது மையப் பகுதியைச் சுற்றி அரண் போல இருக்கும் வட்டாரம். அட்டவணைக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு: 'பஃபர் பகுதி, பட்டியலில் சேர்க்கப்பட்ட பாரம்பரியச் சொத்தின் பாகம் அல்ல.'

இதை அவசரமாகச் சுருக்கினால் இரண்டு விதமான தவறு வரும். ஒருவர் கடைசி வரிசையை மட்டும் பார்த்து, 'ஜார்ஜ் டவுன் பாரம்பரியப் பகுதி 154.68 ஹெக்டர்' என்று எழுதுவார். அது இரண்டு நகரங்களின் கூட்டுத்தொகை. இன்னொருவர் ஜார்ஜ் டவுன் வரிசையின் இரண்டு எண்களையும் கூட்டி, '259.42 ஹெக்டர் உலகப் பாரம்பரியச் சொத்து' என்று எழுதுவார். கூட்டல் சரி, வாக்கியம் தவறு. அடிக்குறிப்பைப் படித்திருந்தால் சொத்து 109.38 மட்டுமே என்று தெரிந்திருக்கும்.

இந்த வேறுபாட்டைத் தெருவில் நடந்தே பார்க்கலாம். மையப் பகுதியின் வடமேற்கு எல்லை லவ் லேன். அந்தச் சந்திப்பிலிருந்து சூலியா தெருவில் பீச் ஸ்திரீட் பக்கம் நடந்தால் மையப் பகுதி. திரும்பி பினாங்கு ரோடு பக்கம் நடந்தால் பஃபர் பகுதி. தெருப் பெயர் ஒன்றுதான், தகுதி இரண்டு. அடிக்குறிப்பை விட்ட சுருக்கத்தில் இந்தக் கோடே அழிந்துபோகும்.

சரி, எப்படி எழுதுவது?

முதலில், பத்திகளைத் தொடாமல் பாடத்தைப் புரட்டுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: எங்கே இருக்கிறது, என்ன சொல்கிறது, பாடத்தின் ஓட்டத்தில் இது மறுபடி வருகிறதா. மூன்றாவதில் 'இல்லை' என்று வருபவைதான் ஆபத்தானவை. நீங்கள் எடுக்காவிட்டால் சுருக்கத்தில் வேறு எந்த வழியிலும் அவை நுழையாது.

அட்டவணை: முழுதையும் நகல் எடுக்க வேண்டாம். பாடம் எந்த வரிசையை நம்பிப் பேசுகிறதோ அதை எடுங்கள். எண்ணோடு அலகும், எது சேர்ந்தது எது சேராதது என்பதும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். 'மொத்தம்' என்று கண்டால், எதையெல்லாம் கூட்டி வந்த மொத்தம் என்று ஒரு முறை நீங்களே கூட்டிப் பாருங்கள். மற்ற வரிசைகளுக்குப் பக்க எண் மட்டும் போதும்.

பெட்டி: எல்லாப் பெட்டியும் ஒரே தரம் இல்லை. நம் பாடத்தில் ஒரு பெட்டி, எந்த அளவுகோல்களின்படி தேர்வானது என்று சொல்கிறது. யுனெஸ்கோவின் பத்து அளவுகோல்களில் இரண்டு, மூன்று, நான்கு ஆகியவை: வணிகத்தால் நடந்த பண்பாட்டுப் பரிமாற்றம், இன்றும் வாழும் பல்லின மரபு, கலப்பான கட்டடக்கலை. 'ஏன் தேர்வானது?' என்ற கேள்விக்குப் பதிலே இதுதான். கட்டாயம் எடுக்க வேண்டும். இன்னொரு பெட்டி, குயின் ஸ்திரீட் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது என்றும், சூலியா தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது என்றும் சொல்கிறது. இது எடுத்துக்காட்டு. பல்லின மரபு என்ற கருத்தோடு சேர்த்து அரை வரியில் சொன்னால் போதும். விதி, வரையறை, காரணம் என்றால் எடுங்கள். எடுத்துக்காட்டு என்றால் சுருக்குங்கள்.

அடிக்குறிப்பு: எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் சொன்னால் விடலாம். நிபந்தனை, விதிவிலக்கு என்றால் விடவே கூடாது. சோதனை எளிது. அடிக்குறிப்பை விரலால் மறையுங்கள். மேலே உள்ள எண்ணின் பொருள் மாறுகிறதா? மாறினால் அது அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். சுருக்கத்தின் கடைசியில் தனியாகத் தொங்கவிட்டால் யாரும் இரண்டையும் சேர்த்துப் படிக்க மாட்டார்கள்.

இப்போது சுருக்கம் இப்படி வரும்: 'மெலாக்காவுடன் சேர்ந்து 2008-இல் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுனில், பாரம்பரியச் சொத்து 109.38 ஹெக்டர், அதைச் சுற்றியுள்ள 150.04 ஹெக்டர் பஃபர் பகுதி அந்தச் சொத்தில் சேராது. வணிகத்தால் வந்த பண்பாட்டுப் பரிமாற்றம், வாழும் பல்லின மரபு, கலப்பான கட்டடக்கலை ஆகியவையே தேர்வுக்குக் காரணம்.' இரண்டே வாக்கியம். அட்டவணை, பெட்டி, அடிக்குறிப்பு மூன்றும் உள்ளே வந்துவிட்டன.

இது வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும் இல்லை. எங்கள் பொறியியல் வகுப்பில் குளிர்சாதனப் பாடம் வரும்போது ஆர்-134ஏ என்ற குளிர்பொருளின் அட்டவணையைப் பயன்படுத்துவோம். 0 பாகை செல்சியஸில் அதன் திரவத்தின் என்தால்பி ஒரு புத்தகத்தில் கிலோகிராமுக்கு 51.9 கிலோஜூல், இன்னொன்றில் 200. ஆவிக்கு முதல் புத்தகத்தில் 250.5, இரண்டாவதில் 398.6. எது தப்பு? இரண்டும் சரி. முதலாவது -40 பாகையில் திரவத்துக்கு 0 என்று வைத்து எண்ணுகிறது. இரண்டாவது 0 பாகையில் 200 என்று வைத்து எண்ணுகிறது. உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதும் வீட்டுத் தரையிலிருந்து அளப்பதும் போலத்தான் இது. எங்கிருந்து எண்ணினார்கள் என்பது பெரும்பாலும் பொடி எழுத்தில் ஒரு வரிதான்.

திரவத்தை ஆவியாக்கத் தேவையான வெப்பம் இரண்டு புத்தகத்திலும் 198.6 வரும், கழித்துப் பாருங்கள். ஆனால் அந்தக் குறிப்பு இல்லாத சுருக்கத்தை வைத்துக்கொண்டு, ஆவிக்கு ஒரு புத்தகம், திரவத்துக்கு இன்னொரு புத்தகம் என்று எடுத்தால் 398.6-லிருந்து 51.9 போய் 346.7 வரும். கணக்குப் போட்ட விதத்தில் ஒரு பிழையும் தெரியாது, விடை மட்டும் ஒன்றே முக்கால் மடங்கு. பழைய பதிப்புப் புத்தகம் வாங்கிப் படிப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்கணும்.

எழுதி முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, சுருக்கத்தை நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வோர் எண்ணையும் தொட்டு அவர் மூன்று கேள்வி கேட்கட்டும்: எந்த அலகு? எதைச் சேர்த்து? எதை விட்டு? சுருக்கத்தைப் பார்த்தே உங்களால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்த எண்ணுக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு விடுபட்டிருக்கிறதா என்று முதலில் அங்கே தேடுங்கள்.