600 லைக் வந்தும் ஒரு பிள்ளை சேரவில்லையே!

கேள்வி: பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு, ஓராண்டாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழியில் பேச்சுத் தமிழ் சொல்லித் தருகிறேன். இப்போது படிப்பவர்கள் 4 பேர். நால்வரும் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வாரநாளில் மாலை 5 மணிக்கு வகுப்பு. முகநூலில் தினமும் ஒரு பதிவு போடுகிறேன். ‘தாய்மொழியை மறக்கலாமா?’ என்ற பதிவை 3,000 ரூபாய் கட்டி பூஸ்ட் செய்தேன். 600 பேர் லைக் போட்டார்கள், ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தமிழே வேண்டாமோ என்று தோன்றுகிறது. வீட்டிலும் ‘போதும், விட்டுவிடு’ என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
– ச. ம., கும்பகோணம்

பதில்: அன்புள்ள ச. ம., வகுப்பை மூட வேண்டிய நிலை எதுவும் உங்களுக்கு வந்துவிடவில்லை. பெற்றோருக்குத் தமிழ் வேண்டாம் என்பதற்கும் உங்கள் கடிதத்தில் சான்று இல்லை. அந்தப் பதிவு பெற்றோரிடம் போய்ச் சேரவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இதைச் சரிசெய்துவிடலாம், அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

முதலில், லைக் போட்ட அந்த 600 பேர் யார் என்று பாருங்கள். உங்கள் முகநூல் பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதியில், பார்த்தவர்கள் எந்த நாடு, எந்த ஊர் என்று இருக்கும். சென்னை, மதுரை, கோவை என்றே வரிசை ஓடினால் ஆச்சரியப்படாதீர்கள். பூஸ்ட் (காசு கட்டிப் பதிவைக் கூடுதல் பேருக்குக் காட்டும் வசதி) செய்யும்போது இடத்தை நாமாக மாற்றாவிட்டால் பெரும்பாலும் நம் நாட்டிலேயே நின்றுவிடும். நோக்கம் என்ற இடத்தில் ‘ஈடுபாடு’ (லைக், கருத்து போன்றவை) என்று இருந்தால், எதைக் கண்டாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களாகப் பார்த்துத்தான் முகநூல் காட்டும். ‘தாய்மொழியை மறக்கலாமா?’ என்று கேட்டால் தமிழ்நாட்டில் கைதட்டத்தான் செய்வார்கள். அவர்கள் பிள்ளைக்கு உங்கள் வகுப்பு தேவையில்லை.

அந்தப் பதிவு நியூ ஜெர்சியில் ஒரு தாயின் கண்ணில் பட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பிள்ளை தமிழில் பேசுவதில்லையே என்ற குற்ற உணர்வு அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைக் குத்திக்காட்டும் பதிவை அவர் மேலே தள்ளிவிட்டுப் போய்விடுவார். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, தன் பிள்ளை இப்போது இருக்கும் நிலைக்கு இந்த வகுப்பு ஒத்துவருமா, சனிக்கிழமை நீச்சலுக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் நடுவே இதற்கு நேரம் கிடைக்குமா என்பதைத்தான். இரண்டுக்கும் உங்கள் பதிவில் விடை இல்லை.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் சறுக்குவது இங்கேதான். உங்கள் மாலை 5 மணி, கோடையில் நியூ ஜெர்சியில் காலை 7.30, குளிர்காலத்தில் 6.30. வாரநாளில் அது பள்ளிக்குக் கிளம்பும் நேரம். லண்டனில் அது நண்பகலை ஒட்டிய நேரம், பிள்ளை பள்ளியில் இருக்கும். சிட்னியில் இரவு 9.30 அல்லது 10.30, பிள்ளை தூங்கியிருக்கும். சிங்கப்பூரில் இரவு 7.30, துபாயில் பிற்பகல் 3.30. ஆக, ‘மாலை 5 மணி’ என்று எழுதியபோதே சிங்கப்பூரையும் வளைகுடாவையும் தவிர மற்ற பெரும்பாலான இடங்களை நீங்கள் விலக்கிவிட்டீர்கள். சிங்கப்பூரில் தமிழ் பள்ளிப் பாடமாகவே இருக்கிறது. தொடக்கப்பள்ளி முடிவில் அதில் தேர்வும் உண்டு. அங்குள்ள பெற்றோர் பெரும்பாலும் தேர்வுக்கு உதவி தேடுவார்கள். நீங்கள் தருவது பேச்சுப் பயிற்சி.

எனவே உலகத்துக்கே ஒரு பதிவு என்பதை விட்டுவிட்டு, ஒரு வட்டாரம், ஒரு வயது, ஒரு நிலை என்று தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளை வைத்தே தொடங்கலாம். அவர்கள் வீட்டார் நியூ ஜெர்சியில் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு பதிவைச் சேர்ந்தே எழுதிப் பார்ப்போம்.

பிள்ளையின் நிலையைப் பெற்றோர் வாயில் வரும் சொல்லாலேயே சொல்லுங்கள். ‘தொடக்கநிலை, இடைநிலை’ என்றால் தன் பிள்ளை எதில் சேர்த்தி என்று அவர்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் மூன்று வகைப் பிள்ளைகளைப் பார்க்கலாம்: தமிழ் புரிந்தும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, பேசத் தெரிந்தும் எழுத்து தெரியாத பிள்ளை, புரியவும் பேசவும் தெரியாத பிள்ளை. மூவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் மூன்றாம் வாரமே ஒருவர் நின்றுவிடுவார். முதல் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில்தான் பெற்றோருக்கு ஏக்கம் அதிகம், பிள்ளைக்கும் காது ஏற்கெனவே பழகியிருக்கும்.

அடுத்து, எதை வாக்குறுதியாகத் தருவது? ‘மூன்றே மாதத்தில் சரளமான தமிழ்’ என்று மட்டும் எழுதாதீர்கள். வாரம் ஒருமுறை 45 நிமிடம், 12 வாரம் என்றால் மொத்தம் 9 மணி நேரம். அதில் சரளம் வராது. ஆனால் காதால் கேட்டுப் பழகிய பிள்ளை, அன்று பள்ளியில் நடந்ததைப் பாட்டியிடம் நான்கைந்து முழு வாக்கியங்களில் சொல்லும் அளவுக்கு வந்துவிடலாம். பெற்றோர் அதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

இப்போது பதிவு இப்படி வரும்:

‘நீங்கள் தமிழில் கேட்டால் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கிறதா? நியூ ஜெர்சியில் இருக்கும் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழ் வகுப்பு. சனிக்கிழமை காலை 9.30, நியூ ஜெர்சி நேரம். 45 நிமிடம், 12 வாரம், ஒரு வகுப்பில் 5 பிள்ளைகள் மட்டும். முடிவில் பிள்ளை தன் நாளைப் பற்றிப் பாட்டியிடம் தமிழில் பேசும். எழுத்து இந்த வகுப்பில் இல்லை. நடத்துபவர் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவர். முதலில் 20 நிமிடம் உங்களோடும் பிள்ளையோடும் பேசிப் பார்ப்போம், அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளையின் வயதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.’

இதனோடு 12 வாரத்துக்குமான மொத்தக் கட்டணத்தை டாலரில் சேர்த்துவிடுங்கள். ‘விவரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்’ என்று தொகையை மறைத்தால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள். ‘எழுத்து இல்லை’ என்ற வரியையும் கூச்சப்பட்டு எடுத்துவிடாதீர்கள். எழுத்து வேண்டுபவர் ஏமாந்து பாதியில் விலகுவதை அது தடுக்கும். அதே செய்தியை ஆங்கிலத்திலும் கீழே கொடுங்கள். ஆங்கிலவழியில் படித்த பெற்றோர் பலர் தமிழை மெதுவாகத்தான் படிப்பார்கள். சில வீடுகளில் கணவனோ மனைவியோ தமிழர் அல்லர்.

நியூ ஜெர்சி நேரம் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைப்பார்கள். அவர்களுடைய 9.30 மாறாமல் இருக்க, நீங்கள் கோடையில் இரவு 7 மணிக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும் உட்கார வேண்டும். இந்திய நேரத்தை நிலையாக வைத்தால் நவம்பர் முதல் வாரத்தில் வகுப்பு அவர்களுக்கு 8.30 ஆகிவிடும், பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

எப்போது போடுவது? அங்கே பள்ளி செப்டம்பர் தொடக்கத்தில் திறக்கிறது. சனி, ஞாயிறு எந்த வகுப்பு என்று பெற்றோர் ஆகஸ்டில் முடிவு செய்துவிடுவார்கள். ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை வாரம் இரண்டு பதிவு போதும். தவறினால் ஜனவரித் தொடக்கம் அடுத்த வாய்ப்பு. பல ஊர்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நேரிலேயே நடக்கின்றன. அவர்களோடு போட்டி வேண்டாம். பள்ளி தொலைவில் இருப்பவர்களுக்கும், பள்ளியில் எழுத்துப் படித்தும் பேசத் தயங்கும் பிள்ளைக்கும் உங்கள் வகுப்பு என்று சொல்லுங்கள். அந்தப் பள்ளிகளின் வகுப்பு சனிக்கிழமை காலை என்றால் நீங்கள் ஞாயிறுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எங்கே போடுவது என்றால், முதலில் காசில்லாத வழி. இப்போது படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களிடம் கொடுத்து, அவர்கள் இருக்கும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். வண்ணப் படமாக மட்டும் கொடுத்தால் அதிலிருந்து நேரத்தையோ எண்ணையோ எளிதில் நகலெடுக்க முடியாது, எழுத்தாகவும் கொடுங்கள். முகநூல் குழுக்கள் பலவற்றில் விளம்பரத்துக்குத் தடை உண்டு, நிர்வாகியிடம் கேட்டபின் போடுங்கள். பூஸ்ட் செய்வதானால் இடம் நியூ ஜெர்சி, நோக்கம் ‘செய்தி அனுப்புதல்’ என்று மாற்றுங்கள். மொழி என்ற இடத்தில் தமிழ் மட்டும் தேர்ந்தால், கைபேசியை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெற்றோர் விடுபடக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. வகுப்புத் திரையைப் படமெடுத்துப் பதிவில் போடாதீர்கள். பிள்ளைகளின் முகமும் பெயரும் அதில் சேர்ந்தே தெரியும், அங்குள்ள பெற்றோர் இதில் மிகக் கண்டிப்பானவர்கள். பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால், பெயர் சொல்லாமல் பிள்ளை பேசும் 20 விநாடிக் குரல்பதிவு போடலாம். வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை அது படத்தைவிட நன்றாகக் காட்டும்.

இனி லைக்கை எண்ணாதீர்கள். எத்தனை பேர் செய்தி அனுப்பினார்கள், எத்தனை பேர் 20 நிமிடப் பேச்சுக்கு வந்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற மூன்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். செய்தியே வராவிட்டால் பதிவு உரிய கண்ணில் படவில்லை, அல்லது நேரம் ஒத்துவரவில்லை. செய்தி வந்தும் பேச்சுக்கு வராவிட்டால் உங்கள் பதில் தாமதமாகப் போகிறது. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அவர்கள் இரவு 9 மணிக்கு எழுதுவது கோடையில் உங்களுக்குக் காலை 6.30, காலைக் காப்பியோடு பதில் போய்விட வேண்டும். பேச்சுக்கு வந்தும் சேராவிட்டால் கட்டணத்தையும், அந்த 20 நிமிடத்தில் பிள்ளை வாய்திறந்ததா என்பதையும் பாருங்கள். அந்த நேரம் பூராவும் நீங்களே பேசியிருந்தால் பெற்றோருக்கு நம்பிக்கை வராது.

தினம் ஒரு பதிவு எழுதும் வேலையை நிறுத்திவிடுங்கள். இந்த ஒரே பதிவை ஆகஸ்ட் முடியும்வரை ஓடவிட்டு, அந்த மூன்று எண்களோடு மறுபடி எழுதுங்கள். 5 பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் முதல் வகுப்பு நிறைந்தது. அதன்பின் அடுத்த வயதுக்கோ அடுத்த ஊருக்கோ போகலாம். அதுவரை வீட்டில் ‘விட்டுவிடு’ என்று சொல்பவர்களிடம், செப்டம்பரில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவையுங்கள்.