சம்பளக் கணக்குக்கு சாட்பொட்டிடம் சூத்திரம் கேட்பது எப்படி?



செக்ரோல் புத்தகத்தில் பென்சிலால் கூட்டிக் கழித்த கணக்கை இப்போது பல தோட்டக் கந்தோர்களில் எக்செல் விரிதாளில் போடுகிறார்கள். வாவிக்கரைத் தென்னந்தோட்டங்களில் செக்ரோல் எழுதும் நம் பிள்ளைகளில் சிலர், சூத்திரம் தெரியாத இடத்தில் போனை எடுத்து சாட்பொட்டிடம் கேட்கிறார்கள். நாம் எழுதிக் கேட்டால் எழுத்திலேயே பதில் தருகிற செயலிதான் சாட்பொட். தமிழில் கேட்டாலும் பதில் வரும். அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். உங்கள் விரிதாள் அதன் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னது மட்டும்தான் அதற்குத் தெரியும். சொல்லாததைத் தானாக ஊகித்துக்கொள்ளும்.

அந்த ஊகம் எங்கே நம் காசைத் தொடுகிறது என்று ஒரு கணக்கிலேயே பார்ப்போம்.

ஒரு மாதச் சம்பளத் தாளை எடுங்கள். முதல் நிரையில் தலைப்புகள் இருக்கின்றன. A நிரலில் பெயர், B நிரலில் வேலை செய்த நாள், C நிரலில் ஒரு நாள் சம்பளம், D நிரலில் ஓவர்டைம் மணி, E நிரலில் ஓவர்டைம் ஒரு மணிக்கான காசு, F நிரலில் வாங்கிய அட்வான்ஸ். G நிரலில் சேமலாப நிதிக்குக் கழிக்கும் தொகையும், H நிரலில் கைக்கு வரும் சம்பளமும் வரவேண்டும்.

இப்போது ஒருவர் சாட்பொட்டிடம், "மொத்தச் சம்பளத்தில் சேமலாப நிதி 8 வீதம் கழிக்கச் சூத்திரம் தா" என்று மட்டும் கேட்கிறார் என்று வையுங்கள். இப்படி ஒரு பதில் வரலாம்:

```
=(B2*C2+D2*E2)*8%
```

பார்வைக்கு நல்ல சூத்திரம்தான். எக்செலும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் விடை தரும். ஆனாலும் பிழை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஓவர்டைம் காசுக்கு இந்த நிதி கழிப்பதில்லை. மேலே உள்ள சூத்திரமோ ஓவர்டைமையும் சேர்த்து 8 வீதம் எடுக்கிறது. "மொத்தச் சம்பளம்" என்று நாம் சொன்னதால் வந்த வினை இது.

சரியாகக் கேட்பதென்றால், எந்த நிரலில் என்ன இருக்கிறது, அது நாளா, மணியா, ரூபாவா, எதைச் சேர்க்க வேண்டும், எதைச் சேர்க்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இப்படி எழுதலாம்:

"எக்செல் தாள். 1ஆம் நிரை தலைப்பு, கணக்கு 2ஆம் நிரையில் தொடங்குகிறது. B வேலை நாள், அரை நாளும் வரும். C ஒரு நாள் சம்பளம் ரூபாவில். D ஓவர்டைம் மணி, சிலருக்கு வெறுமையாக இருக்கும். E ஓவர்டைம் ஒரு மணிக்கு ரூபா. F அட்வான்ஸ் ரூபாவில். G நிரலில் B தர C இன் 8 வீதம் வேண்டும், ஓவர்டைம் சேர்க்கக் கூடாது. H நிரலில் நாள் சம்பளமும் ஓவர்டைமும் கூட்டி, G ஐயும் F ஐயும் கழித்து வேண்டும்."

ஆட்களின் பெயரையோ அடையாள அட்டை இலக்கத்தையோ அங்கே எழுத வேண்டாம். சூத்திரத்துக்கு அவை தேவையே இல்லை. இப்படிக் கேட்டால் வரவேண்டிய சூத்திரங்கள், G2 கட்டத்துக்கும் H2 கட்டத்துக்கும் ஒழுங்காக, இவை:

```
=B2*C2*8%
=B2*C2+D2*E2-G2-F2
```

வந்தவுடன் எல்லார் பேருக்கும் இழுத்துவிட வேண்டாம். முதலில் மூன்று, நான்கு நிரைகளைக் கையால் கணக்குப் போட்டு, அந்த விடைகளைக் கடதாசியில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகுதான் சூத்திரத்தின் விடையைப் பார்க்க வேண்டும். முதலே பார்த்தால் மனம் அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும்.

எந்த நிரைகளைச் சோதிப்பது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒருவர் 18 நாள் வேலை, நாளுக்கு 1,600 ரூபா, ஓவர்டைம் இல்லை என்று வையுங்கள். நாள் சம்பளம் 28,800, நிதிக்கு 2,304. பிழையான சூத்திரமும் இதே 2,304ஐத்தான் காட்டும். ஓவர்டைம் இல்லாத இடத்தில் பிழை ஒளிந்துகொள்கிறது. இப்படிப் பத்து நிரை பார்த்தாலும் பயன் இல்லை.

இன்னொருவர் 20 நாள் வேலை, 10 மணி ஓவர்டைம், மணிக்கு 300 ரூபா, அட்வான்ஸ் 5,000. நாள் சம்பளம் 32,000. அதில் 8 வீதம் 2,560. ஓவர்டைம் 3,000. கைக்கு வரவேண்டியது 27,440. பிழையான சூத்திரம் 35,000க்கு 8 வீதம் போட்டு 2,800 கழிக்கும், கைக்கு 27,200தான் வரும். 240 ரூபா வித்தியாசம் உடனே தெரிகிறது அல்லவா? ஆகவே ஓவர்டைம் உள்ள ஒருவர், இல்லாத ஒருவர், அரை நாள் வந்த ஒருவர், ஓவர்டைம் கட்டம் வெறுமையாக உள்ள ஒருவர் என்று நான்கு விதமாகத் தெரிந்தெடுங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. காசு எழுதும்போது 5000/= என்று எழுதுவது நம் வழக்கம். F கட்டத்தில் அப்படி எழுதினால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது, எழுத்தாகத்தான் எடுக்கும். H கட்டத்தில் #VALUE! என்று வரும். "இந்தப் பிழையை நீக்கித் தா" என்று சாட்பொட்டிடம் கேட்டால், இப்படித் தரக்கூடும்:

```
=IFERROR(B2*C2+D2*E2-G2-F2,0)
```

#VALUE! மறைந்துவிடும். ஆனால் அந்த ஆளின் சம்பளம் 0 என்று நிற்கும்! பிழை நீங்கவில்லை, மூடப்பட்டுவிட்டது. SUM போட்டுத் தந்தால் வேறு விதம். SUM எழுத்துள்ள கட்டத்தை விட்டுவிடும், அட்வான்ஸ் கழிபடாமல் போகும், பிறகு கணக்கு இடிக்கும்போது தொழிலாளியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சூத்திரத்தை மாற்ற வேண்டாம். கட்டத்தில் 5000 என்று மட்டும் எழுதுங்கள், முடிந்தது.

சோதித்த பிறகு சூத்திரத்தைக் கீழே இழுத்து, கடைசி நிரையையும் ஒரு தரம் கையால் பாருங்கள். வீதமோ நிரலோ மாறினால் சோதனையைத் திரும்பவும் செய்ய வேண்டும்.

விரிதாள் தொடாதவர்களும் தங்கள் சம்பளச் சீட்டை இதே வழியில் பார்க்கலாம். வேலை நாளை ஒரு நாள் சம்பளத்தால் பெருக்குங்கள். ஓவர்டைமைச் சேர்க்க வேண்டாம். வந்த தொகையில் நூற்றுக்கு 8 ரூபா மட்டும்தான் உங்களிடம் சேமலாப நிதிக்குக் கழிக்கலாம். தொழில் கொடுப்பவர் போடவேண்டிய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கான 3 வீதமும் அவருடைய கையிலிருந்து வரவேண்டியவை. 32,000 ரூபாவுக்கு அவை 3,840 ரூபாவும் 960 ரூபாவும் ஆகும். சீட்டில் 2,560க்கு மேலே கழித்திருந்தால், சீட்டையும் உங்கள் கைக்கணக்கையும் எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போய், "எந்தத் தொகைக்கு 8 வீதம் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல, அவர்கள் சூத்திரத்தைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.