காரின் மேல் பூச்சுக் கட்டி விழுந்தால் இழப்பீடு கேட்கும் கடிதம்

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது பூச்சுக் கட்டி விழுந்து, கீழே நின்ற கார் சேதமானால், ஒப்பந்ததாரர் முதலில் கேட்பது "எங்கள் கட்டடத்திலிருந்துதான் விழுந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதே. ஆகவே காரை நகர்த்தும் முன், கார், விழுந்த கட்டி, மேலுள்ள சாரம் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொள்வோம். அந்தக் கட்டியையும் பத்திரப்படுத்துவோம்.

பிறகு இப்படி எழுதலாம்:

"ஐயா, மார்ச் 10 காலை 11 மணிக்குத் தாங்கள் வேலை செய்யும் கட்டடத்தின் இரண்டாம் மாடியிலிருந்து பூச்சுக் கட்டி என் கார் மேல் விழுந்தது. சாரத்தில் தடுப்பு வலை இல்லை. முன் கண்ணாடிக்கு ரூ.9,500, பானெட் ஒடுக்கு எடுத்துப் பெயின்ட் அடிக்க ரூ.6,000, ஆக ரூ.15,500. மதிப்பீடும் படங்களும் இணைத்துள்ளேன். 7 நாட்களுக்குள் காரைப் பார்வையிடலாம். 15 நாட்களுக்குள் தொகையைத் தர வேண்டுகிறேன்."

கடிதத்தைக் கொடுத்து கையெழுத்து வாங்குவோம். நகலைக் கட்டட உரிமையாளருக்கும் அனுப்புவோம். அவர்கள் பார்க்குமுன் பழுது பார்த்துவிட்டால், சேதத்தின் அளவையே மறுப்பார்கள்.

இன்சூரன்ஸிலும் கேட்பதானால், "முழுத் தொகையும் பெற்றேன்" என்று எழுதிக் கொடுக்குமுன் அந்த நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது.