உச்சி வெயிலில் சோலார் ஏன் சோர்கிறது?

கேள்வி: ஐயா, மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 540 வாட் பேனல் ஆறும், 3 கிலோவாட் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஜனவரியில் நண்பகலில் செல்போன் ஆப்பில் 2.5 கிலோவாட் வரை பார்த்தேன். வெயில் கொளுத்துகிற மே மாதத்தில் 2.3-ஐத் தாண்டவே இல்லை. போதாக்குறைக்கு, மதியம் ஒன்றரை மணிக்கு மேல் திடீரென்று 1.8-க்கு இறங்குகிறது, கொஞ்ச நேரத்தில் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. வெயில் கூடினால் கரண்டும் கூட வேண்டாமா? பொருத்தியவரைக் கேட்டால், “வெயில் காலத்துல அப்படித்தான் சார் இருக்கும்” என்கிறார். இன்வெர்ட்டர் மேற்குச் சுவரில் இருக்கிறது. மழைக்குப் பயந்து அதற்கு இரும்புப் பெட்டி செய்து மூடியிருக்கிறேன். பேனல் பழுதாகிவிட்டதா? மதியத்தில் தண்ணீர் ஊற்றலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். ஊற்றலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: பேனல் பழுதாகவில்லை. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. 2.5 என்பது 2.3 ஆனது பேனலின் சூடு. 2.3 என்பது 1.8 ஆவது இன்வெர்ட்டரின் சூடு. முதலாவதற்கு உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதற்கு முடியும்.

முதலில் பேனல். சோலார் பேனலுக்கு வேண்டியது வெயிலின் வெளிச்சம். வெயிலின் சூடு அதற்கு எதிரி. பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் 540 வாட் என்ற எண், தொழிற்சாலையில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம் காட்டி, செல்லை 25 டிகிரியில் வைத்து அளந்தது. நம் ஊர் மாடியில் பகல் வேளையில் 25 டிகிரி செல் ஏது? விழுகிற வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி பேனலையே சுட வைக்கிறது. காற்றோட்டமாகப் பொருத்திய பேனலில், வெளிச்சம் 100 வாட் கூடும்போது, செல்லின் சூடு சுற்றுக் காற்றைவிட ஏறக்குறைய 3 டிகிரி கூடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மே மாத மதியம் ஒரு மணி. காற்று 39 டிகிரி, வெளிச்சம் 900 வாட் என்று கொள்வோம். செல் 28 டிகிரி கூடி 67-இல் நிற்கும். அதாவது 25-ஐவிட 42 டிகிரி அதிகம். சிலிக்கான் செல் சூடாக ஆக அதன் வோல்டேஜ் இறங்கும், டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட். ஒரு செல்லுக்கு இது அற்பம். ஆனால் உங்கள் பேனல் ஒன்றில் 72 செல்கள் வரிசையாகக் கோத்த கணக்கு; அப்படி ஆறு பேனல். 42 டிகிரிக்கு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 35 வோல்ட் காணாமல் போகிறது. ஆம்பியர் சூட்டில் ஒரு துளி கூடுகிறது; ஆனால் இந்த இழப்பை அது ஈடுகட்டாது.

பேனல் டேட்டா ஷீட்டில் இதையே சதவீதமாகப் போட்டிருப்பார்கள். மோனோ பெர்க் வகையில் டிகிரிக்கு சுமார் 0.35 சதவீதம் பவர் குறையும். 42 டிகிரிக்கு 14.7 சதவீதம். ஆறு பேனலும் சேர்ந்து 3,240 வாட். 900 வாட் வெளிச்சத்துக்கு அது 2,916 ஆகும். சூட்டுக் கழிவு போக 2,490. தூசி, ஒயர், இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு 8 சதவீதம் கழித்தால் 2,290 வாட். உங்கள் ஆப் காட்டும் 2.3 இதுதான்.

ஜனவரியில் காற்று 29 டிகிரி என்றால் செல் 57-இல் நிற்கும். கழிவு 11 சதவீதத்தோடு போயிற்று. மழைக்காலம் கழுவிவிட்ட பேனலில் தூசியும் குறைவு, 2.5 வந்துவிடும். மே மாதத்தில் வெளிச்சம் ரொம்பக் கூடுதலாயிற்றே என்று கேட்கலாம். மதுரையில் தெற்கே 10 டிகிரி சாய்த்து வைத்த பேனலுக்கு, ஜனவரி பிற்பகுதியிலும் மே பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய ஒரே சாய்வில்தான் விழுகிறது. ஒன்று தெற்கிலிருந்து, மற்றது வடக்கிலிருந்து. நம் தோலுக்கு மே மாத வெயில் உறைக்கிறது. பேனலுக்கு அது அதே வெளிச்சம், கூடுதல் சூடு. கோடை மழை ஓய்ந்து பளிச்சென்று வெயில் வரும் நேரத்தில் ஆப்பைப் பாருங்கள். பேனல் குளிர்ந்திருப்பதால் எண் எகிறி, சூடேற ஏற இறங்குவது தெரியும்.

இனி அந்த 1.8. பேனல் சூடு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். திடீர் வீழ்ச்சி அதன் குணம் அல்ல. இன்வெர்ட்டருக்குள் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கிறது. உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் எல்லை தாண்டிச் சுட்டால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்வெர்ட்டரே பவரைக் குறைக்கும். ஆறியதும் ஏற்றும், மறுபடி சுட்டதும் குறைக்கும். இதைத்தான் டிரேட்டிங் என்கிறார்கள். உங்கள் இன்வெர்ட்டர் மேற்குச் சுவரில், இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. உச்சி சாய்ந்ததும் அந்தச் சுவரில் வெயில் ஏறுகிறது. ஒன்றரை மணிக்குப் பெட்டி அடுப்பாகிவிடுகிறது.

சந்தேகம் தீர ஒரு சோதனை சொல்கிறேன். ஆப்பிலோ இன்வெர்ட்டர் திரையிலோ PV1 Voltage, PV1 Current என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒரு மணிக்கு 212 வோல்ட், 11.7 ஆம்பியர் போல இருந்தால், அது பேனல் சூட்டின் கணக்கு. 1.8-க்கு இறங்கும் நேரத்தில் மறுபடி பாருங்கள். வோல்ட் குறையாமல் 235 பக்கம் ஏறி, ஆம்பியர் 8-க்கு இறங்கியிருந்தால் குறைப்பது இன்வெர்ட்டர். பேனல் கொடுக்கத் தயாராக இருக்கிறது. இன்வெர்ட்டர் வாங்க மறுக்கிறது. வாங்குவது குறைந்தால் பேனலின் வோல்டேஜ் மேலே போகும். ஒருவேளை பவர் பூஜ்யத்துக்கே போய், சில நிமிடம் கழித்து வந்தால் அது சூடு அல்ல. தெரு லைனில் வோல்டேஜ் கூடுகிறது, மின்வாரியத்தில் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். நாளையே பெட்டியின் கதவைத் திறந்து வைத்து, ஒன்றரை மணிக்குப் பாருங்கள். வீழ்ச்சி நின்றாலோ தள்ளிப்போனாலோ விடை கிடைத்தது. பிறகு பெட்டியைக் கழற்றிவிடுங்கள். வெளியில் பொருத்தும் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் மழையைத் தாங்கும் உறையோடுதான் வருகின்றன. உங்களுடையதன் லேபிளில் IP65 என்று இருக்கிறதா பாருங்கள். முடிந்தால் வடக்குச் சுவருக்கோ மாடிப்படி நிழலுக்கோ மாற்றுங்கள். மாற்றுவதைப் பொருத்தியவரே செய்யட்டும், டிசி ஒயரில் நீங்கள் கைவைக்க வேண்டாம். மேலும் கீழும் ஓர் அடி இடம் விட்டு, பின்னால் உள்ள அலுமினியத் தகடுகளில் படியும் தூசியைத் தட்டுங்கள்.

மதியத்தில் பேனலில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 65 டிகிரிக் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு வெள்ளையாகப் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். கழுவுவதானால் சூரியன் ஏறும் முன் கழுவுங்கள். டாப்கான் பேனல் மாற்றலாமா என்று யாராவது கேட்டால், டிகிரிக்கு 0.30 சதவீதக் கழிவு கொண்ட அந்தப் பேனலால் உங்கள் மே மதியத்தில் மிச்சமாவது 2 சதவீதம்தான்.

பொருத்தியவர் சொன்னது 2.3 வரைக்கும் சரி. 1.8-க்குக் காரணம் வெயில் காலம் அல்ல, நீங்கள் செய்து மாட்டிய இரும்புப் பெட்டி.