தண்ணீர் திரும்பும்போது குழாய் ஏன் துப்புகிறது?

தண்ணீர்த் தடை முடிந்து விநியோகம் மீண்டும் தொடங்கும் நாளில் உங்கள் வீட்டுக் குழாய்களைக் கவனித்துப் பாருங்கள். சமையலறைக் குழாய் புஸ்ஸென்று சீறி, இருமி, தண்ணீரைத் துப்பும். குளியலறை ஷவரோ மௌனமாக இருக்கும். கூரைத் தொட்டியில் நீர் ஏறத் தொடங்கிய பிறகும் அதில் ஒரு சொட்டு வராமல் போகலாம். இரண்டுக்கும் காரணம் குழாய்க்குள் அகப்பட்ட காற்றுதான்.

நம் நாட்டில் பல தரைவீடுகளில் சமையலறைக் குழாய் வெளியிலிருந்து வரும் குழாயோடு நேரடியாக இணைந்திருக்கும். குளியலறைக்கு நீர் கூரைத் தொட்டியிலிருந்து இறங்கும். தடையின்போது குழாய்களில் இருந்த நீர் வடிந்துவிட, அந்த இடத்தில் காற்று நிறைகிறது. நீர் திரும்பும்போது அந்தக் காற்று வெளியேற வேண்டும்.

முதலில் சமையலறையைப் பார்ப்போம். வெளிக்குழாயின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிட 2 மடங்கு கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உள்ளே மொத்த அழுத்தம் 3 மடங்கு. பாயில் விதிப்படி, 1 லிட்டர் காற்று அங்கே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடக்கும். குழாய் வாயை அடைந்ததும் அது மீண்டும் விரியும். விரியும் காற்று அருகிலிருக்கும் நீரைச் சிதறடிப்பதையே நாம் ‘துப்புகிறது’ என்கிறோம்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது ‘டம்’ என்ற அதிர்வு. நீரைவிடக் காற்று சுமார் 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. அதனால் குழாய் வாய் வழியே அது மிக எளிதாக வெளியேறிவிடும். அதைத் தள்ளிக்கொண்டு வரும் நீரும் வேகமாக ஓடிவரும். காற்று தீர்ந்து நீர் அந்த வாயில் மோதியவுடன் வேகம் சட்டென்று குறையும். ஓர் இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் திடீரென நின்றால், அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10 மடங்குக்கும் மேல் ஒரு கணம் எகிறக்கூடும். பழைய இணைப்புகள் கசியத் தொடங்குவது இப்படித்தான். எனவே குழாயைச் சிறிதளவே திறந்து வையுங்கள். காற்று மெல்ல வெளியேறினால் பின்னால் வரும் நீரும் மெல்ல வரும். சீறல் அடங்கிய பின் முழுமையாகத் திறக்கலாம்.

இப்போது ஷவருக்கு வருவோம். இங்கே நீரைத் தள்ளுவது தொட்டியின் உயரம் மட்டுமே. தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தொட்டியிலிருந்து வரும் குழாய் வழியில் இரண்டு இடங்களில் மேலே ஏறி மீண்டும் இறங்குகிறது. இறங்கும் பகுதி ஒவ்வொன்றிலும் 1 மீட்டர் உயரத்துக்குக் காற்று நிற்கிறது. நீர் நிறைந்திருந்தால் அந்த இறக்கம் ஓட்டத்துக்கு உதவியிருக்கும். காற்றுக்குக் கனம் மிகக் குறைவு என்பதால் அந்த உதவி கிடைக்காது. ஒவ்வொரு வளைவிலும் 1 மீட்டர் உயரம் இழப்பாகிறது. 2 மீட்டரில் 2 மீட்டர் போனால் மிச்சம் எதுவும் இல்லை. ஷவர் நின்றுவிடும்.

இதே வளைவுகள் சமையலறை வழியில் இருந்தாலும் பாதிப்பு பெரிதாகத் தெரியாது. அங்கே உள்ள அழுத்தம் சுமார் 20 மீட்டர் உயர நீருக்குச் சமம். 2 மீட்டர் இழந்தாலும் 18 மீட்டர் மிஞ்சும். அதனால் காற்று துரத்தப்படுகிறது.

தீர்வும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முதலில் தொட்டி நிறையும்வரை காத்திருங்கள். நீர்மட்டம் அரை மீட்டர் உயர்ந்தால் தள்ளும் உயரமும் அரை மீட்டர் கூடும். பிறகு, அதே வழியில் ஷவருக்குக் கீழே உள்ள குழாயைத் திறந்து விடுங்கள். அது ஷவரைவிட 1 மீட்டர் தாழ்ந்திருந்தால் மேலும் 1 மீட்டர் கிடைக்கும். இப்போது மொத்தம் 3.5 மீட்டர். 2 மீட்டர் இழந்தாலும் 1.5 மீட்டர் மிஞ்சுகிறது. நீர் நகரும், போகப்போகக் காற்றையும் இழுத்துச் செல்லும். அதன் பிறகே ஷவரைத் திறக்க வேண்டும். தொட்டி நிறைந்தும் ஒவ்வொரு தடைக்குப் பின்னும் இதே குழாய் அடைத்துக்கொண்டால், குழாய் போடப்பட்ட விதத்தில்தான் குறை. அந்த வளைவைக் குழாய் பழுதுபார்ப்பவரிடம் சொல்லி மாற்றுவதே வழி.

ஷவரில் நீர் விட்டு விட்டு வரும் நேரத்தில் சுடுநீர் ஹீட்டரை முடுக்காதீர்கள். நீர் சூழாத வெப்பக் கம்பி தன் வெப்பத்தைக் கடத்த முடியாமல் கருகிவிடலாம். சீரான ஓட்டம் வந்த பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. முதலில் வரும் நீர் பால்போல் வெண்மையாக இருந்தால், ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது நுண்ணிய காற்றுக் குமிழ்கள். மேலிருந்து கீழ்நோக்கித் தெளிந்து அடியில் வண்டல் தங்கினால் காற்று அல்ல. தெளிந்த நீர் வரும்வரை குழாயை ஓடவிட்டு, அந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள்.