விண்ணப்பத்தின் முதல் மூன்று வரிகள்

அன்புக் கண்ணு,

பல்லடம் பக்கத்து நூற்பாலைக்கு நீ எழுதிய விண்ணப்பத்தைப் படித்தேன். "மின்வாரியத்தில் ஒன்பது ஆண்டுகளாக உதவிப் பொறியாளராகப் பணியாற்றி வருகிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று தொடங்கியிருக்கிறாய். அலுவலகக் கோப்புக்கு அது பொருந்தும். ஆலைக்காரருக்கு அந்த வரியிலேயே சந்தேகம் வந்துவிடும்: "கவர்மெண்டு வேலையை எதுக்குங்க விடறாரு? மெமோ கிமோ இருக்குமோ?" நம் பக்கத்தில் அரசு வேலைக்கு இருக்கும் மதிப்பைத் தெரிந்த எவரும் அப்படித்தான் கேட்பார். முதல் மூன்று வரிகள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதவியைச் சொல்வதைவிட, நீ செய்த வேலையை ஆலையின் கணக்கில் சொல். நீ இருப்பது எம்.ஆர்.டி. பிரிவு, உயரழுத்த மீட்டர்களைச் சோதிப்பவன். ஓர் ஆலை 1000 கேவிஏ டிமாண்ட் வாங்கிவிட்டு 700 மட்டுமே தொட்டாலும், 90 சதவீதமான 900-க்கு டிமாண்ட் கட்டணம் கட்டும். தேவைக்கு மேல் வாங்கிய டிமாண்டு மாதாமாதம் பணத்தைத் தின்கிறது என்பது உனக்குத் தெரியும். ஆலை முதலாளிக்கு வேண்டியது அந்தக் கண்தான். அதனால் இப்படித் தொடங்கு:

"மின்வாரிய எம்.ஆர்.டி. பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக நூற்பாலைகளின் உயரழுத்த மீட்டர்களைச் சோதித்து வருகிறேன். டிமாண்டும் பவர் ஃபேக்டரும் பில்லை எங்கே ஏற்றுகின்றன என்பதை மீட்டர் பக்கம் நின்று பார்த்த நான், இனி அதை ஆலைக்குள் இருந்து குறைக்க விரும்புகிறேன். என் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை; ராஜினாமா ஏற்கப்பட்டு விடுவிப்பு ஆணை கிடைத்ததும் சேர முடியும்."

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். இரண்டாம் வரி மாறுவதற்கான காரணம். அங்கே மேலதிகாரியையோ இடமாறுதலையோ குறை சொல்லாதே. படிப்பவர் நாளை தன்னையும் இப்படித்தான் சொல்வான் என்று நினைப்பார். அதைவிட மோசமானது, "வாரியத்தில் எல்லோரையும் எனக்குத் தெரியும்" என்பது. விற்க வேண்டியது உன் அறிவை. பதவி தந்த பழக்கத்தை விற்பது நேர்மையில்லை. அப்படிப்பட்ட ஆளைத் தேடும் ஆலைக்கு நீ போகவும் வேண்டாம்.

மூன்றாம் வரியில் கவனமாக இரு. தனியார் கம்பெனியில் நோட்டீஸ் நாள் முடிந்தால் கிளம்பிவிடலாம். அரசுப் பணியில் ராஜினாமா கொடுப்பது வேறு, அது ஏற்கப்படுவது வேறு. கோப்பு தாமதமானால் நீ குறித்துக் கொடுத்த தேதி பொய்யாகிவிடும். ஆகவே தேதி போடாதே. "ராஜினாமா செய்துவிட்டேன்" என்றும் எழுதாதே. வேறு இடத்தில் வேலைக்கு விண்ணப்பிக்க முன் அனுமதி வேண்டுமா என்பதையும் பணியமைப்புப் பிரிவில் கேட்டுக்கொள்.

இன்னொன்று, விருப்ப ஓய்வு என்ற சொல் உனக்குப் பொருந்தாது. அதற்கான பணிக்காலம் உனக்கு இல்லை; உன்னுடையது ராஜினாமா. நேர்முகத்தில் அந்தச் சொல் மாறினால், சான்றிதழ் சரிபார்க்கும்போது சிக்கல் வரும்.

திருத்திய மூன்று வரிகளை மட்டும் முதலில் அனுப்பு. மீதியை அப்புறம் பார்ப்போம்.

அன்புடன்,
மாமா